பஸ் ஸ்டாண்டுல முகம் பார்க்கிற கேமரா: மனுவுல கையெழுத்துப் போடலாமா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
சேலம் புது பஸ் ஸ்டாண்டுலயும் கடைவீதியிலயும் ஆள் முகத்தை அடையாளம் காட்டற கேமரா வைக்கணும்னு எங்க வியாபாரிங்க மனு எழுதறாங்க. போன ஆடிப் பண்டிகைக் கூட்டத்துல என் பட்டறைப் பையன்கிட்ட இருந்து கொலுசுப் பையைப் பறிச்சிட்டுப் போயிட்டானுங்க. ஆனாலும் மனசு ஒப்பல. நான் கையெழுத்துப் போடலாமா?

அஸ்தம்பட்டி சுந்தரம்:
இதுல யோசிக்க என்ன இருக்குங்க? எங்க மில்லுல முகம் பார்த்து வருகை போடற மெஷின் மூணு வருஷமா இருக்கு, ஒருநாள்கூட ஆள் மாறினதில்ல. 99 சதவீதம் சரியா சொல்லும். மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்?

கொலுசுப்பட்டறை:
மடியில கனம் எனக்குத்தானே சார், அரைக்கிலோ வெள்ளி!

மிளகுக்கொடி, ஏற்காடு:
சுந்தரம் அண்ணா, மில்லுல நீங்களே போய் வெளிச்சத்துல நேரா நின்னு முகத்தைக் காட்டறீங்க. மெஷின் தப்பா சொன்னா வாட்ச்மேன் சிரிச்சிட்டு உள்ள விடுவார். பஸ் ஸ்டாண்டுல கம்பத்து மேல இருக்கற கேமராவுக்குப் பாதிப் பேரோட உச்சந்தலைதான் தெரியும். நான் இந்த வேலையில எட்டு வருஷம் இருந்துட்டு வந்தவன், அதனால சொல்றேன்.

ஒரு கணக்குப் போடுங்க. நாளைக்கு 50,000 பேர் வந்து போறாங்க, அதுல போலீஸ் தேடற ஆள் 5 பேர்னு வைங்க. ஆயிரம் அப்பாவியில ஒருத்தரைத்தான் மெஷின் தப்பா காட்டுதுன்னே வச்சுக்கலாம், நல்ல மெஷின்தான். அப்பவும் 50 தப்பு அலாரம். அந்த 5 பேரையும் விடாம பிடிச்சாலும் 55 அலாரத்துல 50 பொய். 2017ல பிரிட்டன்ல கார்டிஃப் ஊர்ல சாம்பியன்ஸ் லீக் ஃபுட்பால் ஃபைனலுக்கு இப்படிக் கேமரா வச்சாங்க. 2,470 அலாரம் அடிச்சது, அதுல 2,297 தப்பு.

அஸ்தம்பட்டி சுந்தரம்:
அடிக்கட்டுமே. போலீஸ் ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிடப் போகுது. அதுக்கப்புறம் சாட்சி வந்து ஆளை அடையாளம் காட்டினாத்தானே கேஸு?

டெம்போக்காரன், தாதகாப்பட்டி:
ரெண்டு கேள்வியா? வாட்ஸ்அப்புல சுத்தின ஒரு கலங்கின சிசிடிவி படத்தைப் பார்த்துட்டு, நீதானேன்னு என் தம்பியை ரெண்டு நாள் உட்கார வச்சாங்க. அந்த நேரத்துல அவன் தொப்பூர் டோல் தாண்டினதுக்கு ஃபாஸ்டேக் மெசேஜ் இருந்ததால தப்பிச்சான். மெஷின் வந்தா இந்தக் கண்ணால பார்த்துச் சொல்ற கூத்தெல்லாம் ஒழியும்ல? அதனால நான் கேமரா பக்கம்தான்.

மிளகுக்கொடி:
ஒழியாதுண்ணா, கூடும். அமெரிக்காவுல டெட்ராய்ட்ல ராபர்ட் வில்லியம்ஸ்னு ஒருத்தர். 2018ல ஒரு கடையில கைக்கடிகாரங்க திருட்டுப் போச்சு. கடைக் கேமராவுல விழுந்த மங்கலான படத்தை மெஷின்ல போட்டாங்க, அது இவரோட பழைய லைசென்ஸ் போட்டோவைக் காட்டுச்சு. அந்த போட்டோவோட வேற அஞ்சு பேர் படத்தையும் சேர்த்து ஒரு அம்மாகிட்ட நீட்டினாங்க. அவங்க இவரைக் காட்டினாங்க. 2020 ஜனவரியில பொண்டாட்டி புள்ளைங்க கண் முன்னாடி விலங்கு போட்டு, ஏறக்குறைய 30 மணி நேரம் உள்ள வச்சாங்க.

அந்த அம்மா திருட்டு நடந்தப்போ கடையிலயே இல்ல, வீடியோ பார்த்தவங்க மட்டும்தான். சரி, நேர்ல பார்த்தவங்களா இருந்தா? ஊர் முழுக்க சல்லடை போட்டுத் திருடன் ஜாடையில இருக்கற ஒருத்தரை எடுத்துக் குடுக்கறதுதான் மெஷின் வேலை. அவரை சம்பந்தமில்லாத அஞ்சு பேரோட நிறுத்தினா, சாட்சி கை வேற யார் பக்கம் போகும்? சுந்தரம் அண்ணா சொல்ற சாட்சி, மெஷின் சொன்னதையே திரும்பச் சொல்றார். இதனாலதான் 2024ல வழக்கு சமரசம் ஆனப்போ, மெஷின் காட்டின ஆளை இப்படிப் படவரிசையில மட்டும் அடையாளம் காட்டினா கைது பண்ணக் கூடாதுன்னு அந்த ஊர் போலீஸ் ஒத்துக்கிட்டது. உங்க தம்பியோட ஃபாஸ்டேக் மாதிரி, முகத்துக்கு சம்பந்தமில்லாத ஒண்ணு வேணும்.

அம்மாபேட்டை செல்வி:
கோட்டை மாரியம்மன் கூட்டத்துல என் அக்கா பொண்ணு தொலைஞ்சு நாலு மணி நேரம் நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அப்போ கேமரா இருந்திருந்தா? எல்லாத்துக்கும் டெட்ராய்ட்டா?

மிளகுக்கொடி:
அதுக்கு நானே கையெழுத்துப் போடுவேன்க்கா. பெத்தவங்களே போட்டோ தர்றாங்க, அன்னிக்கே தேடறாங்க, மெஷின் தப்பா காட்டினா அம்மா பார்த்ததும் என் புள்ளை இல்லேன்னுடுவா. யாருக்கும் விலங்கு விழாது. ஆனா குழந்தைக்குன்னு வச்ச கேமராவுல நாளைக்கு யார் படத்தைப் போட்டுத் தேடுவாங்கன்னு யார் பார்க்கப் போறா? 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்கன்னா பெரிய விலக்கு இருக்கு.

அம்மாபேட்டை செல்வி:
யாரோ தப்பா பயன்படுத்துவாங்கன்னு புள்ளையைத் தேடாம இருக்க முடியாது தம்பி.

கொலுசுப்பட்டறை:
மனுவுல ரெண்டு வரி சேர்க்கச் சொல்லப் போறேன். மெஷின் காட்டிச்சுங்கறதுக்காக மட்டும் யாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. மாசம் எத்தனை அலாரம் அடிச்சது, எத்தனை தப்புன்னு எழுதி ஒட்டணும். சேர்த்தா கையெழுத்து, இல்லேன்னா இல்ல.

அஸ்தம்பட்டி சுந்தரம்:
ஒட்டினா திருடன் படிச்சிட்டு, இது ஓட்டை மெஷின்னு தைரியமா வருவான்.

டெம்போக்காரன்:
ஏங்க, மெஷின் தேடற ஆளுங்க பட்டியல்ல இருந்து பேரை எடுக்கணும்னா யாரைப் பார்க்கணும்? தம்பி போட்டோவை அன்னிக்கு ஸ்டேஷன்ல எடுத்து வச்சுக்கிட்டாங்க.