எர்லாங் சி 14 பேர் போதும் என்கிறது. 20 வினாடி இலக்கு எட்டவில்லை

வெண்ணிலா: எங்கள் காப்பீட்டு உதவி மையத்துக்குக் காலை 10 முதல் 10.30 வரை 100 அழைப்புகள் வருகின்றன. சராசரி 180 வினாடி. 80 சதவீதத்தை 20 வினாடிக்குள் எடுப்பது இலக்கு. 14 பேர் இருந்தால் 89 சதவீதம் கிடைக்கும் என்கிறது, காத்திருப்பைக் கணிக்கும் எர்லாங் சி சூத்திரம் போட்ட எக்செல் தாள். நடப்பில் பாதிதான் தேறுகிறது. சூத்திரத்தில் கோளாறா?

கணக்குப்பிள்ளை: தேநீர், பயிற்சி, விடுப்பு என்று 30 சதவீதம் போய்விடும். 14 × 1.3 போட்டு 19 பேரை வரச்சொல்லுங்கள்.

வெண்ணிலா: அவையெல்லாம் போகத்தான் 14 பேர் இருக்கையில் இருக்கிறார்கள்.

இரவுப்பணி: அந்த 180 வினாடி பேச்சு நேரம் மட்டுமா? போனை வைத்த பிறகு என்ன செய்கிறார்கள்?

வெண்ணிலா: புகார்ப் படிவம் நிரப்புவார்கள், ஏறக்குறைய ஒரு நிமிடம். நான் எடுத்தது அறிக்கையின் 'பேச்சு நேரம்' பத்தியைத்தான்.

இரவுப்பணி: அங்கேதான் இடிக்கிறது. படிவம் நிரப்புகிறவரால் அடுத்த அழைப்பை எடுக்க முடியாது. அந்த நிமிடமும் கணக்கில் சேர வேண்டும். 100 × 180 ÷ 1800 = 10 எர்லாங் என்று போட்டிருப்பீர்கள். உண்மையில் 100 × 240 ÷ 1800 = 13.33. அதாவது 14 பேரில் 13 பேருக்கு மேல் எந்நேரமும் வேலையில். அந்த நிலையில் சூத்திரமே 24 சதவீதம்தான் தரும். 16 பேருக்கு 69, 17 பேருக்கு 81. உங்களுக்கு வேண்டியது 17.

கணக்குப்பிள்ளை சொன்ன 30 சதவீதம் பணிப்பட்டியல் போடும்போது தேவைப்படும். ஆனால் பெருக்கக் கூடாது, 0.7 ஆல் வகுக்க வேண்டும்: 17 ÷ 0.7, அதாவது 25 பேர். 1.3 ஆல் பெருக்கினால் 23 பேரோடு நின்றுவிடுவீர்கள்.

கடலூரான்: எங்களிடம் 200 பேர். எக்செல் `#NUM!` என்கிறது. இதற்கும் படிவம்தான் காரணமா?

இரவுப்பணி: இல்லை, அது வேறு சங்கதி. `FACT` 170-க்கு மேல் போகாது. ஃபாக்டோரியலே வேண்டாம், படிப்படியாக ஏற்றுங்கள்:

```
from math import exp
B = 1
for n in range(1, N+1):
    B = A*B / (n + A*B)
C = N*B / (N - A*(1-B))
SL = 1 - C*exp(-(N-A)*T/H)
```

A எர்லாங், N ஆட்கள், T இலக்கான 20 வினாடி, H ஓர் அழைப்புக்கு ஆகும் 240 வினாடி. C காத்திருக்க நேரும் வாய்ப்பு, SL 20 வினாடிக்குள் எடுக்கும் பங்கு. N எப்போதும் A-யை விடப் பெரிதாக இருக்க வேண்டும்.

வெண்ணிலா: 24 தான் வர வேண்டுமென்றால் எங்களுக்கு எப்படிப் பாதி தேறுகிறது?

இரவுப்பணி: காத்திருப்பவர் யாரும் போனை வைக்கமாட்டார் என்று எர்லாங் சி நம்புகிறது. உங்கள் வரிசையில் பலர் பொறுமையிழந்து வைத்திருப்பார்கள். மீதிப்பேருக்கு வழி விட்டிருக்கும். கைவிட்ட அழைப்புகள் எத்தனை என்று பாருங்கள். அது அதிகமென்றால், பொறுமையிழந்து வைப்பவர்களையும் கணக்கில் எடுக்கும் எர்லாங் ஏ பொருத்தம்.

கணக்குப்பிள்ளை: 5 வினாடியில் வைத்தவரையும் கைவிட்டதாகச் சேர்ப்பதா? எங்கள் மையத்தில் சேர்ப்பதில்லை.

இரவுப்பணி: நான் சேர்ப்பேன். இலக்கை நிர்ணயித்தவர் எப்படி எண்ணுகிறார் என்று வெண்ணிலா முதலில் கேட்டுவிடுவது நல்லது.