குடைக்குள் பூனை மீம்: 2019-க்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை, உதவி தேவை

குடைப்பூனை:
வணக்கம். விரித்த குடைக்குள் பூனை உட்கார்ந்திருக்கும் மீம் முதலில் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். படத்தை வைத்துத் தேடிவிட்டேன். 2019-க்கு முந்தையது எதுவும் வரவில்லை. ஆனால் 2016 வாக்கிலேயே பார்த்த நினைவு உறுதியாக இருக்கிறது. சற்று அவசரம்.

நிலைக்கண்ணாடி:
எந்தக் கருவியில் தேடினீர்கள்? உங்களிடம் இருப்பது எத்தனை பிக்சல் அகலம்? வாசகத்தோடு சேர்த்துத் தேடினீர்களா, வெட்டிவிட்டா? இவை தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

திண்ணைக்காரர்:
மாதம் ஒருவர் இப்படி வருகிறார். "தேடிவிட்டேன்" என்றால் ஒரு முறை பொத்தானை அழுத்தினேன் என்று பொருள் போலும்.

ஏழாம் பக்கம்:
இவ்வளவு சிரமம் எதற்கு? படக்கோப்பின் எக்சிஃப் தகவலைத் திறந்தால் எடுத்த தேதியும் கேமராவின் பெயரும் இருக்குமே.

நிலைக்கண்ணாடி:
கேமராவிலிருந்து நேராக வந்த கோப்பில் இருக்கும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பப்பட்டால் அந்தத் தகவல் நீங்கிவிடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலோ, அது முற்றிலும் புதிய கோப்பு. அதில் தெரியும் தேதி நீங்கள் சேமித்த நாளாகத்தான் இருக்கும்.

குடைப்பூனை:
மன்னிக்கவும். கூகுள் லென்ஸிலும் TinEye-இலும் தேடினேன். அகலம் 480 பிக்சல், மேலே வெள்ளைப் பட்டையில் இரண்டு வரி வாசகம், எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தை இணைத்திருக்கிறேன். TinEye-இல் `Oldest` என்று அடுக்கியபோதுதான் 2019 முதலில் வந்தது.

மூன்றாம் பிரதி:
TinEye காட்டும் தேதி, அதன் தேடுநிரல் அந்தப் படத்தை முதலில் கண்ட நாளே தவிர, யாரோ பதிவிட்ட நாள் அல்ல. ஆகவே 2019 என்பதை "அதற்குள் இது உலவிக்கொண்டிருந்தது" என்று மட்டும் படியுங்கள். கூகுள் முடிவுகளின் தேதியும் பக்கத்துக்குரியது. பழைய பக்கத்தில் புதிய படத்தைப் பின்னாளில் செருகியிருக்கலாம்.

இனி உங்கள் படத்தையே பாருங்கள். வெள்ளைப் பட்டையின் கீழ்விளிம்பை நான்கு மடங்கு பெரிதாக்கினால், ஓரமாகச் சாம்பல் நிறத் துகள்கள் வரிசையாகத் தெரிகின்றன. அவை வேறொரு வாசகத்தின் மிச்சம்: எழுத்துகளைச் சுற்றி ஜேபெக் சுருக்கம் உண்டாக்கிய கலங்கலை யாரோ பட்டையால் மூடியபோது, சிறிது வெளியே தங்கிவிட்டது. இப்போதைய எழுத்துகளோ கூர்மையாக இருக்கின்றன. அதாவது உங்கள் நகைச்சுவை, குறைந்தது இரண்டாம் தலைமுறை.

பட்டையை வெட்டிவிட்டு, பூனையும் குடையும் உள்ள பகுதியை மட்டும் தேடினேன். முடிவுகள் பல மடங்காகின. அவற்றில் சிலவற்றின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு வாளி பாதி தெரிகிறது. உங்கள் பிரதியில் அதன் கைப்பிடி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வெட்டிய ஓரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், வாளி கூடுதலாகத் தெரியும் பிரதி உங்களுடையதிலிருந்து பிறந்திருக்க முடியாது. வலது கீழ்மூலையில் வாட்டர்மார்க்கை அழித்த மங்கலான சதுரமும் இருக்கிறது. அதே வடிவ மங்கல் உள்ளவை எல்லாம் ஒரே தாய்ப்பிரதியின் பிள்ளைகள் என்று கொள்ளலாம். படத்தை இடவலமாகத் திருப்பியும் ஒரு முறை தேடுங்கள். திருப்பிப் போட்டவற்றை எல்லாக் கருவிகளும் பிடிப்பதில்லை.

பாடபேதம்:
ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுபவர்கள் செய்வதும் இதுதான். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே மூலத்தின் வழி வந்தவை.

திண்ணைக்காரர்:
எளிய வழி, மிகப் பெரிய அளவில் உள்ள கோப்பே மூலம். இதற்கு ஏடு எதற்கு, வாளி எதற்கு?

மூன்றாம் பிரதி:
480 பிக்சல் படத்தை 2000-க்கு இழுத்துச் சேமிக்க ஒரு நிமிடம் போதும். பூனையின் மீசை தனி முடிகளாகத் தெரிகிறதா, பசையாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இழுத்ததா என்பது புரிந்துவிடும்.

மரவட்டை:
என் தங்கையின் படத்தை யாரோ மீமாக்கிவிட்டார்கள். அதை நீக்குவது எப்படி என்று இங்கே சொல்வீர்களா?

நிலைக்கண்ணாடி:
அது வேறு கேள்வி, தனி இழையாகப் போடுங்கள். குடைப்பூனை, நீங்கள் தேடுவது புகைப்படத்தின் தொடக்கமா, மீமின் தொடக்கமா? வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் காதலன் படத்தை அன்டோனியோ கியெம் 2015-இல் ஸ்பெயினின் ஜிரோனாவில் விற்பனைப் படமாக எடுத்தார். மீமாக அறியப்பட்ட முதல் பயன்பாடு 2017 ஜனவரியில், துருக்கிய ஃபேஸ்புக் குழு ஒன்றில்.

ஏழாம் பக்கம்:
படம் எடுத்த நாள்தானே தொடக்கம்?

பாடபேதம்:
இல்லை. வாசகம் ஒட்டிய கணத்தில்தான் அது மீம் ஆகிறது.

திண்ணைக்காரர்:
வாசகமே இல்லாத மீம்களை என்ன செய்வீர்கள்?

பாடபேதம்:
அவற்றுக்குப் பதிவின் தலைப்பு வாசகமாகிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர் அந்தத் தலைப்பை வெட்டிவிட்டால் நகைச்சுவையே மாறிவிடும். அந்த மாற்றத்தைப் படத் தேடலால் காண முடியாது.

குடைப்பூனை:
வெட்டி, திருப்பித் தேடினேன். 2017-இல் ஒருவர் போட்ட பதிவு கிடைத்தது. வாளி முழுதாக இருக்கிறது, வாசகம் இல்லை. இது போதும். நன்றி.

மூன்றாம் பிரதி:
வலது மூலையில் மங்கல் சதுரம் இருக்கிறதா, வாட்டர்மார்க்கே இருக்கிறதா? மங்கலாக இருந்தால் அதற்கும் ஒரு தாய் உண்டு.

மூன்றாம் பிரதி:
குடைப்பூனை, இருக்கிறீர்களா? அந்தப் பதிவின் இணைப்பையாவது போடுங்கள்.