பில் பாதியில் மூடிக்கொள்ளாத போன் எது?

அப்பாவின் கடையில் கியூஆர் ஸ்கேன், புளூடூத் பிரிண்டரில் பில், வாட்ஸ்அப் ஆர்டர் எல்லாமே நாள் முழுக்க ஒரே ஆண்ட்ராய்டு போனில்தான். இப்போது இருப்பது 4 ஜிபி ரேம். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பில்லிங் ஆப் முதலிலிருந்து திறக்கிறது, பாதி போட்ட பில் போய்விடுகிறது, பிரிண்டரையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது, வாடிக்கையாளர் காத்து நிற்கிறார். பேட்டரி அமைப்பில் அந்த ஆப்புக்கு Unrestricted கொடுத்தேன். திரை அணைந்தால் இணைப்பு அறுவது நின்றது, ஆனால் ஆப் மூடிக்கொள்வது நிற்கவில்லை, அதனால் ரேம்தான் போதவில்லை என்று நினைக்கிறேன். சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கும் கூடுதல் ரேம் வேண்டாம், அது மெதுவானது. நிஜமாகவே 8 ஜிபி உள்ள, பின்னணி ஆப்களை அவசரப்பட்டு மூடாத போன் எது? கேமரா சுமாராக இருந்தாலும் சரி, கிட்டத்தில் சட்டென்று ஃபோகஸ் ஆக வேண்டும். கடையில் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.