தோழி கேட்டாள் என்று எஸ்எம்எஸ்ஸில் வந்த கோடை அனுப்பிவிட்டேன், வாட்ஸ்அப் கையை விட்டுப் போய்விட்டது. யாராவது உதவுங்களேன்

கரூர் தையல் · ஞாயிறு இரவு 9:50

வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அளவு, டிசைன் படம், பாக்கிக் கணக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இன்று மாலை ஏழே காலுக்குப் பள்ளித் தோழியிடமிருந்து மெசேஜ் வந்தது. அவள் துபாயில் இருக்கிறாள். "ஏய், புதுப் போன் மாத்தினேன்டி, என் கோடு தப்பா உன் நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்பேன்." அதே நேரத்தில் எஸ்எம்எஸ்ஸும் வந்து நின்றது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. படிக்காமலே எண்ணை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் அதிலேயே `Don't share this code with others` என்று இருக்கிறது.

பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் வாட்ஸ்அப் முதலிலிருந்து நம்பர் கேட்கிறது. அரை மணி நேரத்தில் ஆளாளுக்குப் போன். நான் பணம் கேட்கிறேனாம். சித்தி மகன் 8,000 ரூபாய் போட்டே விட்டான்.

நம்பர் போட்டுத் திரும்பக் கோடு கேட்டால், 11 மணி நேரம் கழித்து முயற்சி செய்யச் சொல்கிறது. மூன்று தடவை அழித்து ஏற்றிப் பார்த்துவிட்டேன். நம்பரையே மாற்ற வேண்டுமா?

மாடிவீடு · இரவு 10:05

போனில் வைரஸ் ஏறிவிட்டது அக்கா. உடனே ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். சிம்மை பிளாக் செய்துவிட்டு நாளைக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். அதோடு support@support.whatsapp.com என்ற முகவரிக்கு `Lost/Stolen: Please deactivate my account` என்று நம்பரோடு மெயில் போடுங்கள், கணக்கை நிறுத்திவிடுவார்கள். என் மச்சான் போன் தொலைந்தபோது அப்படித்தான் செய்தோம்.

பழைய டவர் · இரவு 10:20

அக்கா, சிம்மைத் தொடாதீர்கள். ரீசெட்டும் வேண்டாம். ஈரோட்டில் பதினான்கு வருஷமாக போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு பேராவது இதே கதையோடு வருகிறார்கள்.

உங்கள் போனில் யாரும் நுழையவில்லை. அந்த ஆள் தன் போனில் வாட்ஸ்அப்பை ஏற்றி, அதில் உங்கள் நம்பரை அடித்தான். எந்த நம்பரை அடித்தாலும் கோடு அந்த நம்பருக்குத்தான் போகும். தோழி தன் நம்பரை அடித்திருந்தால் அது உங்களுக்கு வந்திருக்கவே முடியாது. அவன் கையில் இல்லாதது உங்கள் சிம் ஒன்றுதான். கோடு அதற்கு வரும், அதை நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டினீர்கள். இப்போது அதே சிம்தான் உங்களுக்கும் சாவி. அதைப் பிளாக் செய்தால் நாளைக் காலையில் வர வேண்டிய கோடு எங்கே வரும்?

மாடிவீடு தம்பி சொல்லும் மெயில் பொய்யில்லை. ஆனால் அது சிம்மும் போனும் சேர்ந்து போனவர்களுக்கு. 30 நாளுக்குள் மறுபடி நுழையாவிட்டால் கணக்கே அழிந்துவிடும். சிம் கையில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

11 மணி நேரம் என்பது, கோடு பல தடவை கேட்கப்பட்டதால் வந்த தடை. நீங்களும் அழுத்தினீர்கள், அவனும் அழுத்தியிருப்பான். அழித்து ஏற்றுவதால் அது குறையாது. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் கால் மூலம் கோடு சொல்லும் வசதிக்குத் தனி நேரக் கணக்கு ஓடும், அது திறந்திருந்தால் ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால் போனை வைத்துவிட்டு, யார் யார் பணம் அனுப்பக்கூடும் என்று யோசித்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். இந்த இரவில் உருப்படியான வேலை அதுதான்.

இன்னொன்று. குரூப்களின் அட்மின்களிடம் சொல்லி உங்கள் நம்பரைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லுங்கள். குரூப்பில் இருக்கும்வரை அதில் உள்ள எல்லோருடைய நம்பரும் அவனுக்குத் தெரியும். அடுத்து அவர்களிடம்தான் கோடு கேட்பான்.

நாமக்கல் லாரி · இரவு 10:41

எனக்கும் இதேதான் நடந்தது. ஆனால் நான் கோடே சொல்லவில்லை. பார்சல் வந்திருக்கிறது, டெலிவரி பையனிடம் பேச இதை அடியுங்கள் என்று `*401*` போட்டு ஒரு நம்பர் கொடுத்தான். அடித்தேன், வாட்ஸ்அப் போச்சு. உங்களுக்கும் ஃபார்வர்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய டவர் · இரவு 10:52

சார், உங்களுடையது வேறு வாசல். உங்கள் அழைப்புகள் அவன் நம்பருக்குத் திரும்பிவிட்டன, அவன் கோடைக் கால் மூலம் கேட்டு வாங்கிக்கொண்டான். அப்படி அடித்து ஃபார்வர்டு போடுவதை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. அதற்கு முன்பே போட்டது அப்படியே கிடக்கலாம். `*#21#` அடித்தால் உங்கள் கால் எங்கே போகிறது என்று காட்டும்.

அக்காவுக்கு இது பொருந்தாது. அவரே கையால் அனுப்பியிருக்கிறார்.

வங்கி ஓய்வு · இரவு 11:10

அந்த 8,000 ரூபாய் பற்றி. பணம் போனது உங்கள் தம்பியின் கணக்கிலிருந்து, அதனால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டியவர் அவர். நீங்கள் கூப்பிட்டால் உங்கள் கணக்கு விவரம் கேட்பார்கள், குழப்பம்தான் மிஞ்சும். யுபிஐ ரசீதில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இன்றிரவே கூப்பிடச் சொல்லுங்கள், cybercrime.gov.in-இலும் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்கத்தான் இந்த அவசரம். கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கரூர் தையல் · திங்கள் காலை 8:40

இரவு பன்னிரண்டு வரை கூப்பிட்டேன், இருபத்து மூன்று பேர். தம்பியும் 1930-இல் சொல்லிவிட்டான், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு மணிக்குக் கோடு வந்தது, போட்டேன். உடனே ஆறு இலக்க பின் கேட்கிறது. நான் பின்னே வைத்ததில்லையே! `Forgot PIN?` என்பதை அழுத்தினால் ஆறு நாள் சொச்சம் காத்திருக்கச் சொல்கிறது. அப்படியானால் ஆறு நாளும் அவன்தான் உள்ளே இருப்பானா? என் பிறந்த தேதி, அவன் போட்டிருக்கக்கூடிய எண் என்று நாலைந்து அடித்துப் பார்க்கட்டுமா?

பழைய டவர் · காலை 9:05

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பதறிப்போய் நம்பரை மாற்றுகிறார்கள். பின்னை அவன்தான் வைத்திருக்கிறான். ஆனால் நீங்கள் எஸ்எம்எஸ் கோடைப் போட்ட அந்த நொடியே அவன் போனில் உங்கள் கணக்கு வெளியேறிவிட்டது. பின் உங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவன் வெளியேதான். அவனுக்குப் பின் தெரியும், கோடு இல்லை. உங்களுக்குக் கோடு வரும், பின் தெரியாது. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகபட்சம் ஏழு நாள். திரையில் காட்டும் கணக்கையே நம்புங்கள். பின்னை ஊகித்து அடிக்காதீர்கள், தப்பாக அடித்தால் அதற்கும் தடை போடும்.

உள்ளே வர அவனுக்கு இன்னொரு கோடு வேண்டும். ஆகவே மறுபடி எஸ்எம்எஸ் வரும், யாராவது கூப்பிட்டு "வாட்ஸ்அப்பிலிருந்து பேசுகிறோம்" என்றும் சொல்வான். எடுத்தாலும் எண்ணைச் சொல்லாதீர்கள்.

கரூர் தையல் · காலை 9:30

இப்போதுதான் மூச்சு வந்தது அண்ணா. ஒரே ஒரு பயம். இரண்டு மாதம் முன்பு ஆதார் படத்தை ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதை அவன் எடுத்திருப்பானா?

பழைய டவர் · காலை 9:48

பழைய அரட்டை உங்கள் போனிலும், நீங்கள் வைத்திருந்தால் கூகுள் பேக்கப்பிலும்தான் இருக்கும். வெறும் நம்பரை வைத்து நுழைந்தவனுக்கு அது வராது. ஞாயிறு ஏழே காலிலிருந்து இன்று எட்டு மணி வரை உங்களுக்கு வந்த மெசேஜ்களைத்தான் அவன் பார்த்திருப்பான். அந்த நேரத்தில் யாராவது எதையாவது அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

மாடிவீடு · காலை 10:15

அப்படியென்றால் அந்த ஆள் "ஏய்", "டி" என்று தோழி மாதிரியே எழுதியது எப்படி? பழைய அரட்டையைப் படிக்காமல் வருமா? நீங்கள் சொல்வதில் எங்கோ இடிக்கிறது.

பழைய டவர் · காலை 10:32

கேள்வி சரிதான் தம்பி. தோழியின் கணக்கு இரண்டு மூன்று நாள் அவனிடம் இருந்திருந்தால், பள்ளிக் குரூப்பில் பெண்கள் பேசிக்கொள்வதை அவன் பார்த்திருக்கலாம். அல்லது தோழியின் பேக்கப்பும் போயிருக்கலாம். எது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.

கரூர் தையல் · அடுத்த திங்கள் காலை 7:55

உள்ளே வந்துவிட்டேன். நேற்று இரவே நேரம் முடிந்தது, பயந்து காலையில்தான் தொட்டேன். `Linked devices` பட்டியல் காலியாக இருந்தது. `Settings > Account > Two-step verification` போய் என் பின்னை வைத்து மெயிலும் கொடுத்தாயிற்று, மறந்தால் அதன் வழியாக மாற்றிக்கொள்ளலாமாம். வாரம் முழுக்க வாடிக்கையாளர்களை நேரில் வரச் சொல்லி, சுவரில் ஒட்டிய காகிதத்தில் அளவு எழுதினேன். தம்பி பணம் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கத்து வங்கிக் கணக்கில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிகிறது.

இப்போது தோழியின் கதை. அவளுடைய இந்திய சிம், ஊரில் அம்மாவின் பட்டன் போனில் கிடக்கிறது. துபாயில் வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஒரு கோடு வந்திருக்கும், படி" என்று அவளே கேட்டு, வேறொரு தோழி என்று நினைத்து அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கும் அவள் பெயரில் மெசேஜ் போய்க்கொண்டிருக்கிறது. அவள் என்ன செய்வது? மாடிவீடு தம்பி சொன்ன அந்த மெயிலைப் போடலாமா?

பழைய டவர் · காலை 8:20

முதலில் அந்த சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா, எஸ்எம்எஸ் உள்ளே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் மெயில் தேவையில்லை. துபாயிலிருந்து சாதாரணக் காலில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே நம்பரைப் போடட்டும். அம்மா பட்டன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மெசேஜைத் திறக்கத் தடுமாறுவார், அதனால் பக்கத்து வீட்டுப் போனில் பேசுவது நல்லது. கோடு கொஞ்ச நேரம்தான் செல்லும். பின் கேட்டால் அவளுக்கும் அதே ஏழு நாள் கணக்குதான்.

சிம் செத்துப்போயிருந்தால் மெயில் போடட்டும்.

கரூர் தையல் · காலை 8:31

அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். ஆனால் இப்போது யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறாராம், மகளே கேட்டாலும். நான்தான் சாயங்காலம் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும்.