‘மொத்த விற்பனை’ என்று எழுதினால் கடைக்காரர் என்ன புரிந்துகொள்கிறார்?

பட்டர்வொர்த்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல்லுக்காக உங்களிடம் வருகிறேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு விற்பனைக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். முதலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர், ஆங்கிலம் தெரியாது. திரையில் வரும் பெட்டிகளுக்கெல்லாம் ஒரு தாளில் தமிழ் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். Gross Sales என்றால் மொத்த விற்பனை, Net Sales என்றால் நிகர விற்பனை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. “தம்பி, நேற்று நான் மொத்தத்துக்கு யாருக்கும் சரக்குக் கொடுக்கவே இல்லையே. மொத்த விற்பனை 8,400 வெள்ளி என்று காட்டுகிறதே, எப்படி?”

அவர் கடையில் சில்லறை வியாபாரமும் உண்டு, கூலிம், சுங்கை பட்டாணி பக்கம் வீடு வீடாகச் சேலை விற்பவர்களுக்கு மொத்தமாகக் கொடுப்பதும் உண்டு. நான் எழுதிய சொல்லை அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். சில்லறைக்கு எதிர்ச்சொல் மொத்தம்தானே!

அதை விளக்கினேன். சரி என்றார். அப்புறம், “அப்படியென்றால் 8,400 இருக்க வேண்டும். கல்லா, கார்டு, கியூஆர் எல்லாம் சேர்த்து 7,500தான் வருகிறது. மீதி 900 எங்கே?” என்றார். அந்த 900 வெள்ளியைப் பற்றி கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் அதற்குள் கேட்டும்விட்டார். ஆறு வருடமாக அங்கே வேலை செய்கிறவள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பணம் எங்கும் போகவில்லை. அன்று விலைக் கழிவாகக் கொடுத்தது 630. போன வாரம் வாங்கிய இரண்டு சேலைகள் திரும்பி வந்ததற்குக் கொடுத்தது 270. 8,400-லிருந்து இரண்டையும் எடுத்தால் 7,500. அதைத்தான் Net Sales பெட்டி காட்டுகிறது. ‘நிகர’ என்ற சொல் அவருக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அதனால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, புரிந்த சொல் இருந்த பெட்டியைப் பார்த்திருக்கிறார்.

இந்த இரண்டுக்கும் கடைக்காரர் பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும்படி இரண்டு சொல் வேண்டும்.

செந்தூலிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர்

தம்பி, நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. மொத்த இலாபம், நிகர இலாபம் என்று வணிகவியல் பாடநூல்கள் பல காலமாக எழுதி வருகின்றன. நிலைத்த சொல்லை ஒரு கடைக்காக மாற்றினால் நாளைக்கு வங்கித் தாளிலும் வரித் தாளிலும் வேறு சொல்லைப் பார்த்துக் குழம்புவார். சில்லறைக்கு எதிரானதை ‘மொத்த வணிகம்’ என்று எழுதிவிடுங்கள். ‘மொத்த விற்பனை’ உங்களுக்கு விடுபட்டுவிடும்.

‘நிகர’ புரியவில்லை என்றால் சொல்லிக்கொடுங்கள். கற்றுக்கொள்ள முடியாத வயது என்று ஒன்று இல்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

எனக்கும் இதே தலைவலிதான். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். என் திரையில் Total Sales என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. அது Net Sales-ஐவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. கழித்தபிறகு எப்படிக் கூடும்? 1,000 என்று ஒரு பெட்டி சொன்னால் மற்றது 1,060 என்கிறது. நான் பெரிய எண்ணைத்தான் என் வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு சம்பளம், வாடகைக்கெல்லாம் கணக்குப் போட்டு வந்தேன். அந்த 60 வெள்ளிக்கு என்ன தமிழ் என்று யாராவது சொல்லுங்கள்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, கணக்காளர்

முதலில் பிரிக்பீல்ட்ஸ் அண்ணனுக்கு. அந்த 60 உங்கள் பணம் இல்லை அண்ணே. சாப்பாட்டுக் கடைக்கு 6 விழுக்காடு சேவை வரி. வாடிக்கையாளரிடம் வாங்கி சுங்கத்துறைக்குக் கட்ட வேண்டியது. உங்கள் மென்பொருள் அதையும் சேர்த்து Total என்று காட்டுகிறது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் 1,000-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். துணிக்கடைக்காரர் பில்லில் வரி போடுவதில்லை; அதனால் அவருக்கு Net-உம் Total-உம் ஒன்றாகவே வரும்.

ஆனால் உங்கள் கேள்வியால் ஒரு விஷயம் வெளியே வந்தது. Total-க்கும் தமிழில் ‘மொத்தம்’ என்றுதானே எழுதுவோம்? ஆக Gross-உம் மொத்தம், Total-உம் மொத்தம், சில்லறை அல்லாததும் மொத்தம். ஒரே திரையில் ஒரு சொல் மூன்று வேலை பார்க்க முடியாது. ஆசிரியர் ஐயா சொன்னபடி பாடநூலில் அது சரியாக நிற்கும், ஏனென்றால் அங்கே பக்கத்தில் முழுக் கணக்கும் இருக்கிறது. திரையில் ஒரு பெட்டி, ஒரு சொல், ஓர் எண். வேறு துணை இல்லை.

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதும்போது சம்பளத்தை வைத்துத்தான் விளக்குவேன். ‘காஜி காசார்’, ‘காஜி பெர்சே’ நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். சேமநிதி, சொக்சோ பிடிப்பதற்கு முன் ஒன்று, பிடித்தபின் கைக்கு வருவது ஒன்று. பிஸ்கட் பாக்கெட்டிலும் ‘பெராட் பெர்சே’ என்று இருக்கும். டின்னையும் உறையையும் எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் எடை. இதைச் சொன்னால் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

தமிழில் இதற்கு ‘போக’ என்ற சொல் இருக்கிறது. ‘செலவு போக மிச்சம்’ என்று பேசுகிறோம். அதனால் Net Sales-க்கு ‘கழிவு போக விற்பனை’. Gross Sales-க்கு ‘விலைப்படி விற்பனை’. விலை எத்தனையோ, அதை எண்ணிக்கையால் பெருக்கினது. அவ்வளவுதான்.

புக்கிட் மெர்தாஜமிலிருந்து

கிராஸ், நெட் என்று தமிழ் எழுத்தில் போட்டால் முடிந்தது. அவர் பேரனும் அப்படித்தான் சொல்வான். ‘கழிவு’ என்றால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் குப்பை என்று நினைப்பார்கள், அவர்களுக்குத் ‘தள்ளுபடி’தான் தெரியும்.

செந்தூலிலிருந்து

கழிவு நம் நாட்டுக் கடை வாசல்களில் பெரிய எழுத்தில் இருக்கும் சொல். அதை விட வேண்டாம். ஆனால் அம்மா, உங்கள் ‘கழிவு போக’ முழுக்கச் சரியாக இல்லை. திரும்பி வந்த சேலைக்குக் கொடுத்த 270 கழிவில் வராது. சொல்லில் பாதிக் கணக்குதான் இருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சொல்லையும் புதுத் தாளில் எழுதிக்கொண்டு நேற்றுக் கடைக்குப் போனேன். முதலாளி ‘விலைப்படி விற்பனை’யைப் பார்த்ததும் கேட்டார்: “எந்த விலைப்படி? சேலையில் ஒட்டியிருக்கும் விலையா, மொத்தத்துக்குக் கொடுக்கும் விலையா, கடைசியில் பேசி முடித்த விலையா?”

அங்கேதான் எனக்கு ஒன்று தெரிந்தது. பழக்கமானவர்கள் வந்தால் அவர் கழிவுப் பொத்தானைத் தொடுவதே இல்லை. 120 வெள்ளிச் சேலையைக் கல்லாவில் நேராக 100 என்று மாற்றி அடிக்கச் சொல்கிறார். மென்பொருளுக்கு அதன் விலையே 100 என்று ஆகிவிடுகிறது. Gross Sales-இல் 100, Discounts-இல் ஒன்றுமில்லை. அவர் விட்டுக்கொடுத்த 20 வெள்ளி எந்தப் பெட்டியிலும் இல்லை. 630 என்று காட்டுவதற்கு மேல் எவ்வளவு விட்டிருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டிய விலையில் பில்லைப் போட்டுவிட்டு 20 வெள்ளியைக் கழிவாக அடித்தால்தான் அது தெரியும். அதைக் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்து வரைபடம். நாளுக்கு ஒரு தூணாக Net Sales வரும் படம். தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு தூண் மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. “அன்று எனக்கு நட்டமா?” என்று அந்தத் தூணில் விரலை வைத்துக் கேட்டார். தொட்டுப் பார்த்தால் −360. அன்று விற்றது 1,200, கழிவு இல்லை, திரும்பி வந்தது 1,560. இதை எப்படி ஒரு சொல்லில் சொல்வது?

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து

அது நட்டம் இல்லை தம்பி. மொத்தத்துக்கு வாங்கிப் போனவர்கள் விற்காத சேலையைத் திருப்பியிருப்பார்கள். பல மென்பொருள்கள் திருப்பியதை விற்ற நாளில் கழிக்காமல் திரும்பி வந்த நாளில் கழிக்கும். ஆக, தீபாவளிக்கு முந்திய வாரத் தூண்கள் உண்மையைவிட உயரமாக நிற்கின்றன, பிந்திய வாரத் தூண் குட்டையாகிறது. பண்டிகையைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் நாளாகப் பார்க்கக் கூடாது. பண்டிகைக்கு முந்திய மூன்று வாரமும் பிந்திய இரண்டு வாரமும் சேர்த்து ஒரே தேதி வரம்பாகப் போடச் சொல்லுங்கள். இலாபமா நட்டமா என்பதை இந்தப் படம் சொல்லவே சொல்லாது, கொள்முதல் விலை இதில் வரவே இல்லை.

‘விலைப்படி’ பற்றி அவர் கேட்டது நியாயம். அது ஒட்டிய விலையும் இல்லை, பேசிய விலையும் இல்லை. பில்லில் அடித்த விலை. ஆசிரியர் ஐயா சொன்ன குறையும் சரிதான். என் இரண்டு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து

அக்கா, நீங்கள் எழுதியதை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே சொன்னார்: “முதல் பெட்டி நாம் பில் போட்டது. இரண்டாவது பெட்டி, கழிவும் போய், திரும்பினதும் போய், நின்றது.”

பில் போட்ட விற்பனை. நின்ற விற்பனை.

திரும்பி வந்தது நிற்கவில்லை, விட்டுக்கொடுத்ததும் நிற்கவில்லை. எனக்கு இதைவிட நல்ல சொல் தோன்றவில்லை. ‘கையில் நின்ற விற்பனை’ என்று எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார். கூலிம் அம்மாள் கடனுக்கு எடுத்துப் போனதும் அந்த எண்ணில் இருக்கிறது, அது இன்னும் கைக்கு வரவில்லை.

செந்தூலிலிருந்து

‘நின்ற விற்பனை’ என்றால் ஓடாமல் நின்றுபோன வியாபாரம் என்றும் பொருள் வருமே. தீபாவளி முடிந்த மாதத்தில் அந்தச் சொல்லைத் திரையில் பார்த்தால் வேறு ஒருவருக்கு எப்படி இருக்கும்? ‘நிகர’த்தை நான் இன்னும் விடவில்லை. ஆனால் ‘பில் போட்ட விற்பனை’யை ஏற்றுக்கொள்கிறேன். ‘பில்’லுக்குத் தமிழ் கேட்டால் அதைத் தனியாகப் பேசுவோம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

என் கடைக்கு ‘வரி சேர்த்த வசூல்’ என்று எழுதி Total Sales மேல் ஒட்டிவிட்டேன். மனைவி, “இதை முன்னமே ஒட்டியிருந்தால் போன மாதம் குளிர்பெட்டி வாங்கியிருக்க மாட்டீர்கள்” என்கிறாள்.

பட்டர்வொர்த்திலிருந்து

இப்போதைக்குத் தாளில் ‘பில் போட்ட விற்பனை’ இருக்கிறது. அதன் கீழே ‘நின்ற விற்பனை’, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘நிகர விற்பனை’ என்றும் எழுதியிருக்கிறேன், ஐயா சொன்ன வங்கித் தாளுக்காக. பக்கத்தில் அந்தச் சனிக்கிழமைக் கணக்கையே எழுதி வைத்தேன்: 8,400, அதன் கீழே 630, 270, கோடு போட்டு 7,500. தாளைக் கல்லாப் பெண்தான் ஒட்டினாள். முதலாளி அவளைக் கூப்பிட்டு, மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்துக் காட்டி, “அன்று கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதேம்மா” என்றார்.

Returns-க்கு ‘திரும்பியது’ என்று எழுதியிருக்கிறேன். மாற்றிக்கொண்டு போன சேலையும், பணம் வாங்கிக்கொண்டு போன சேலையும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கின்றன. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.