மூணா நாலா? ஒரு ராப் பகுதியைக் கண்டுபிடிக்கும் சண்டை

இரவுவண்டி: ஒரு ஆங்கில ராப் பகுதி 18 நொடித் துணுக்காகக் கிடைத்தது. பஞ்ச் வரிகள் எல்லாம் சதுரங்கத்தை வைத்து: 'செக்மேட்' என்று ஒரு வரி முடிகிறது, அடுத்த வரியில் 'நைட்', 'ஃபோர்க்' வருகிறது. வார்த்தைகள் மூணு மூணாக விழுகின்றன. பாட்டை அடையாளம் காட்டும் ஷஸாம் செயலியில் போட்டால் ராப்பே இல்லாத ஏதோ பழைய பாட்டைக் காட்டுகிறது. பாடியது யார், எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்னல்வீரன்: மூணு மூணாக விழுந்தால் ட்ரிப்லெட். ட்ரிப்லெட் என்றால் மிகோஸ் குழுவின் பாணி. 2013க்கு முன்னால் தேடவே வேண்டாம். ஷஸாம் காட்டியது தப்பு, அதை மறந்துவிடுங்கள்.

லயப்பித்தன்: இந்த "ட்ரிப்லெட்னா 2013" கதையை இன்னும் எத்தனை இழையில் சொல்லப் போகிறீர்கள்? மெம்பிஸில் த்ரீ சிக்ஸ் மாஃபியாவும் லார்ட் இன்ஃபேமஸும் 90களிலேயே அப்படிப் பாடியாயிற்று. போன் தக்ஸ் குழுவும் அதே காலம். 2013இல் அது எல்லார் காதுக்கும் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், மூணு மூணாகக் கேட்பதெல்லாம் ட்ரிப்லெட் இல்லை. 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பாருங்கள். அதிலும் மூணு மூணாகத்தான் காதில் விழும், ஆனால் மொத்தம் எட்டு எழுத்து, நாலின் கணக்கு. 'தகிட தகிட' என்று அதே நேரத்தில் ஆறே எழுத்தை நிரவிச் சொன்னால்தான் ட்ரிப்லெட். ராப்பில் பாதிப் பேர் முதல் வகையைப் பாடுகிறார்கள், கேட்பவர்கள் ட்ரிப்லெட் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இரவுவண்டி, ஒரு ஸ்னேர் டிரம் அடியிலிருந்து அடுத்த ஸ்னேர் அடி வரை குரலில் எத்தனை அசை என்று எண்ணுங்கள். எட்டா, ஆறா?

மின்னல்வீரன்: அவர் மூணு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஹைஹாட்டும் மூணு மூணாகத்தான் உருளும், ட்ராப் பீட் அல்லவா.

லயப்பித்தன்: ஹைஹாட்டைக் கேட்டு குரலுக்குக் கணக்குப் போடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தப்பு. ஹைஹாட் மூணில் உருளும்போதே குரல் நாலில் ஓடலாம். குரலை மட்டும் எண்ணுங்கள் என்றேன்.

கேசட்பெட்டி: ஷஸாம் தப்பு என்று ஒரே வரியில் தூக்கிப் போடாதீர்கள். அது ஒலிப்பதிவில் தூக்கலாக இருக்கும் அதிர்வெண் புள்ளிகளைப் பொருத்திப் பார்க்கிறது, வார்த்தையைக் கேட்பதில்லை. பீட்டுக்குள் ஒரு பழைய பாட்டை வெட்டி ஒட்டியிருந்தால், அந்தத் துண்டு குரலைவிடத் தூக்கலாக இருந்தால், பழைய பாட்டையே காட்டும். அது சாம்பிளின் ஊர் விலாசம். WhoSampled தளத்தில் அந்தப் பழைய பாட்டைப் போட்டால், அதை வெட்டி எடுத்த பாட்டுகளின் பட்டியல் வரும். விடை கண்டிப்பாக அந்தப் பட்டியலில் இருக்கும்.

லயப்பித்தன்: முதல் பாதி சரி, கடைசி வரி தப்பு. மிக்ஸ்டேப் காலத்தில் ஒருவர் பீட்டின் மேல் இன்னொருவர் பாடியது கொஞ்சநஞ்சமா? பட்டியலில் பீட்டின் சொந்தக்காரர் இருப்பார், அதன் மேல் ஃப்ரீஸ்டைல் பாடியவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். பட்டியலில் கிடைத்த பாட்டின் பெயரோடு freestyle, remix இரண்டையும் சேர்த்துத் தேடினால்தான் அடுத்த வாசல் திறக்கும்.

கேசட்பெட்டி: "கொஞ்சநஞ்சமா" என்று என்னிடம் கேட்கிறீர்களா! போன மாதம் சாம்பிள் இழையில் நான் சொன்னதையும் இப்படித்தான் பாதி சரி, பாதி தப்பு என்று மார்க் போட்டீர்கள்.

தென்றல்_22: எனக்கும் ஒரு ராப் பாட்டு மாட்டிக்கொண்டு கிடக்கிறது. கூகுளில் வாயால் முனகிப் பார்த்தேன், சம்பந்தமே இல்லாமல் பத்து பாட்டு வந்தது. நான் தப்பாக முனகுகிறேனா?

கேசட்பெட்டி: அந்தத் தேடல் மெட்டைப் பொருத்திப் பார்ப்பது. ராப் பகுதியில் சுருதி அதிகம் ஏறி இறங்காது, பிடிக்க ஒன்றும் இருக்காது. திரும்பத் திரும்ப வரும் ஹூக்கையோ பீட்டில் வரும் கீபோர்டு வரியையோ முனகுங்கள்.

மின்னல்வீரன்: இழை எங்கேயோ போகிறது. ட்ரிப்லெட்டா இல்லையா? ட்ரிப்லெட். முடிந்தது. பீட் நிமிடத்துக்கு 140 அடி, அதாவது 140 பிபிஎம் இருக்கும், அதிலேயே காலம் தெரிந்துவிடும்.

லயப்பித்தன்: 140 என்று நீங்கள் சொல்வதை இன்னொருவர் 70 என்பார், இருவரும் அதே பீட்டைத்தான் சொல்கிறீர்கள். 70இல் ஸ்னேர் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் விழும், 140இல் மூணாம் அடியில் மட்டும் விழும். இரண்டு கணக்கிலும் ஸ்னேருக்கு ஸ்னேர் 1.71 நொடிதான். அதனால்தான் பிபிஎம் எண்ணைக் கேட்காமல் ஸ்னேரிலிருந்து ஸ்னேருக்கு எண்ணச் சொன்னேன். அந்த 1.71 நொடியில் எட்டு அசை என்றால் அசைக்கு 0.21 நொடி, ஆறு என்றால் 0.29. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலையைப் பெரிதாக்கி அளந்தால் கண்ணுக்கே தெரியும்.

இரவுவண்டி: ஆடாசிட்டியில் திறந்தேன். ஸ்னேருக்கு ஸ்னேர் 1.37 நொடி வருகிறது. குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது.

லயப்பித்தன்: அப்படியானால் யாரோ வேகத்தைக் கூட்டிப் போட்ட துணுக்கு. 1.71ஐ 1.37ஆல் வகுத்தால் 1.25, அதாவது 25 சதவீதம் கூட்டியிருக்கலாம். சுருதியும் ஏறக்குறைய நாலு அரைச்சுரம் ஏறியிருக்கும், கீச்சுக்குக் காரணம் அதுதான். வேகத்தைத் திருப்பும்போது -25 சதவீதம் போடாதீர்கள், -20 போடுங்கள். 1.25 × 0.8 = 1. சுருதியும் வேகத்தோடு சேர்ந்து இறங்க வேண்டும், வேகத்தை மட்டும் குறைத்தால் குரல் கீச்சாகவே நிற்கும். 70 என்பது என் ஊகம், அதனால் -16, -18, -20 மூன்றையும் போட்டுப் பார்த்து, குரல் இயல்பாகக் கேட்பதை ஷஸாமில் மறுபடி கொடுங்கள். வேகம் எதுவானாலும் எட்டு ஆறாகாது, எண்ணிக்கை மாறவே மாறாது.

மின்னல்வீரன்: ஆறுதான் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதக்கப்பல்: பஞ்சை யாரும் தொடவே இல்லையே. செக்மேட் பஞ்ச் ராப்பில் ஆயிரம் இருக்கும், அதை மட்டும் தேடினால் மூழ்கிப் போவீர்கள். பிடிக்க வேண்டியது 'ஃபோர்க்'. குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்குவதைச் சொல்லும் வார்த்தை, சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்தான் அதை எழுதுவார். அடுத்தது, வரிகளைக் கேட்டு எழுதியவர் குதிரையை இரவு என்று எழுதியிருக்கலாம், ஒலி ஒன்றுதானே. இரண்டு எழுத்திலும் தேடுங்கள்:

```
"checkmate" "knight" "fork" rap lyrics
"checkmate" "night" "fork" rap lyrics
```

முழு வரியை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். இடையில் ஒரு சின்ன வார்த்தையைத் தப்பாகக் கேட்டிருந்தாலும் ஒன்றும் வராது.

கேசட்பெட்டி: பஞ்சை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. நல்ல பஞ்சை ஃப்ரீஸ்டைலில் ஒரு தடவை, ஆல்பத்தில் ஒரு தடவை என்று அவரே திருப்பிப் பாடுவார், மற்றவரும் எடுத்துக்கொள்வார்.

காகிதக்கப்பல்: அவரே திருப்பிப் பாடினால் ஆளாவது கிடைக்கிறாரே! சாம்பிள் பட்டியலில் அதுவும் கிடைக்காது.

இரவுவண்டி: -20 போட்டபோது குரல் இயல்பாகிவிட்டது. ஷஸாம் இந்த முறை எதையும் காட்டவில்லை. தேடலில் 'இரவு' எழுத்தில் போட்டபோது மூன்று பாட்டு வந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறேன். அசையையும் எண்ணிவிட்டேன். முதல் நாலு வரியில் எட்டு எட்டாக வருகிறது. செக்மேட் வரியிலிருந்து ஆறு.

மின்னல்வீரன்: ஆறு! சொன்னேனா இல்லையா? ட்ரிப்லெட்.

லயப்பித்தன்: நாலு வரி எட்டில் ஓடி, பஞ்ச் வரும் இடத்தில் ஆறுக்கு மாறுகிறார். முழுக்க ட்ரிப்லெட் என்றது நீங்கள், நான் இல்லை. ஆளைத் தேடும்போது இந்த மாற்றத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் இரவுவண்டி. அந்த மூன்று பாட்டில் எதில் பஞ்சுக்கு முன் நடை உடைகிறது?

மின்னல்வீரன்: ஆறு வந்ததா, வரவில்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

லயப்பித்தன்: எட்டு வந்ததா, வரவில்லையா?

தென்றல்_22: ஹூக்கை முனகினேன், இப்போது பதினைந்து பாட்டு வருகிறது.