ஸ்டொப் ஓடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தர்ஷினி, மட்டக்களப்பு

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கப் பங்குகளை வாங்கி விற்கிற ஒரு செயலியின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாசிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவில் வேலை செய்கிற நம்மட ஆட்கள், சந்தை திறக்கிற நேரம் நித்திரையில் இருப்பவர்கள், அதனால் முதல் நாளே ஓடரைப் போட்டுவைத்துவிட்டுப் படுப்பவர்கள். லிமிட் ஓடருக்கு "வரம்பு ஆணை" என்று எழுதிவிட்டேன், அதில் யாருக்கும் சண்டை இராது என்று நினைக்கிறேன். ஸ்டொப் ஓடர்தான் சிக்கல். எனக்கு முன் இதைச் செய்தவர் "நிறுத்த ஆணை" என்று வைத்திருக்கிறார். வாசித்தால் விற்பனையை நிறுத்தச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அது, விலை நாம் குறித்த மட்டத்துக்கு இறங்கினதும் விற்கச் சொல்கிற ஓடர்!

யோகராசா மாஸ்டர், களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, "நிறுத்த" என்பதைப் பெயரெச்சமாக வாசித்துப் பாருங்கள். நிறு என்ற பகுதியிலிருந்து வந்தால் நிறுத்த நெல் என்பது எடை போட்ட நெல். நிறுத்தலளவை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதானே. ஆகவே "நிறுத்த ஆணை" என்றால் தராசில் வைத்து எடைபோட்ட ஆணை என்றும் பொருள் வரும். வினையெச்சமாகக் கொண்டால் மட்டும்தான் நிறுத்துவதற்கான ஆணை. இரண்டில் எது வந்தாலும் உங்களுக்கு வேண்டிய பொருள் வரவில்லை. வேண்டுமென்றால் நிறு, நில், நிலை ஆகியவற்றின் உறவு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

சுதாகரன், கல்முனை

மாஸ்டர், அந்த மடலை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுங்கோ. சட்டத்தரணியாக நான் சொல்வது, "ஆணை", "கட்டளை" இரண்டையுமே தொடவேண்டாம். கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிற நாட்டில் பங்கு வாங்குகிறதைக் கட்டளை என்றால் யாருக்கு விளங்கும்? "நிறுத்த உத்தரவு" என்றால் நீதிமன்றத் தடையுத்தரவு என்றே எடுப்பார்கள். என் யோசனை: லிமிட், ஸ்டொப் இரண்டுமே விலை வந்தால் நடக்கிறவைதானே, இரண்டுக்கும் சேர்த்து "நிபந்தனை ஓடர்" என்று ஒரே பெயர் வைத்துவிடலாம். இல்லையென்றால் ஸ்டொப்புக்கு "நட்டத் தடுப்பு".

நௌசாத், சம்மாந்துறை (இப்போது மெல்பேர்ண்)

சுதாகரன் அண்ணன், நிபந்தனை என்பது சரி, ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் ஆட்கள் காசை இழப்பார்கள். பங்கு 96 டொலரில் நிற்கிறது, 90க்கு இறங்கினால் விற்கவேண்டும் என்று நினைத்து ஒருவர் 90க்கு லிமிட் விற்பனை போட்டால், அது காத்திருக்காது. "90 அல்லது அதற்கு மேல் எந்த விலையும் சம்மதம்" என்பதுதான் அதன் அர்த்தம், 96 அதைவிட மேல், ஆகவே சந்தை திறந்த உடனேயே விற்றுவிடும். லிமிட் விலையைக் காக்கும், விற்கும் என்று வாக்குத் தராது. ஸ்டொப் நேரெதிர்: 90ஐத் தொட்டதும் விழித்துக்கொண்டு, அந்த நேரம் கிடைக்கிற விலைக்கு விற்கும்.

"நட்டத் தடுப்பு" இன்னும் ஆபத்து, அது எதையும் தடுப்பதில்லை. 100க்கு வாங்கிய பங்கு, 96ல் சந்தை மூடுகிறது, 90ல் ஸ்டொப் இருக்கிறது. நிறுவனம் காலாண்டு முடிவைச் சந்தை மூடினபிறகு, நியூயோர்க் நேரம் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வெளியிடுகிறது. எனக்கு அப்போது காலை 6 மணி, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். நேரங்கடந்த வர்த்தகத்தில் பங்கு 84க்குப் போகிறது. பெரும்பாலான தரகர்களிடம் ஸ்டொப் வழமையான நேரத்தில்தான் வேலை செய்யும், ஆகவே ஒன்றும் நடக்காது. இரவு 11:30க்குத் திறக்கும்போது 82. ஸ்டொப் விழிக்கிறது, 82ஐ ஒட்டிய ஏதோ ஒரு விலைக்கு விற்றுவிடுகிறது. 90 கிடைக்கவே இல்லை, ஏனென்றால் 96க்கும் 82க்கும் நடுவில் வழமையான நேரத்தில் யாரும் வாங்கி விற்கவில்லை.

இதற்குப் பயந்து ஸ்டொப் லிமிட் போடுவார்கள், 90ல் விழி, 88க்குக் குறையாமல் வில் என்று. அதே இரவில் அது 82ல் விழிக்கும், ஆனால் 88க்கு ஆள் இல்லை, விற்காது. பங்கு 79க்குப் போனாலும் கையிலேயே கிடக்கும். காலையில் எழும்பிச் செயலியைப் பார்த்தால் ஓடர் "திறந்திருக்கிறது" என்று காட்டும், அதுதான் அடையாளம்.

அமீர், அக்கரைப்பற்று

எல்லாம் சரி, இவ்வளவு சிக்கல் எதற்கு? என் தங்கச்சி மகனும் மெல்பேர்ணில்தான். அங்கே 11:30 என்றால் இங்கே பின்னேரம் 7 மணி, நாங்கள் எல்லாரும் முழித்துத்தானே இருக்கிறோம். கடவுச்சொல்லைத் தந்தால் நானே பார்த்து அமத்திவிடுவேன், அவன் நித்திரை கொள்ளட்டும். சொல்லும் வேண்டாம், ஓடரும் வேண்டாம்.

சுதாகரன்

அமீர் நானா, கேட்டது சொல். அதோடு, தரகரின் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கோ, கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று இருக்கும். ஏதும் பிழைத்தால் பொறுப்பு மருமகனுக்கு.

நௌசாத்

7 மணி என்பதும் வருடம் முழுக்க இல்லை, நானா. அமெரிக்காவில் மணிக்கூட்டை மாற்றினால் நவம்பரிலிருந்து மார்ச் வரை உங்களுக்கு 8 மணி. எங்களுக்கு இன்னும் மோசம், இரண்டு நாடும் எதிர்த்திசையில் மாற்றுகிறது, 11:30 என்பது பின்னிரவு 1:30 ஆகிவிடும். இடையில் சில கிழமைகள் 12:30.

யோகராசா மாஸ்டர்

விழிக்கிறது, விழிக்கிறது என்று தம்பி நௌசாத் எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் குளம் வான் பாய்வதுதான் நினைவுக்கு வருகிறது. மட்டம் வந்ததும் தானாகப் பாயும், பாய்கிற வேகம் குளத்தின் கையில் இல்லை. "வான் ஆணை" என்று வைக்கலாம். மட்டக்களப்பானுக்கு விளக்கமே தேவையில்லை.

தர்ஷினி

சேர், யாழ்ப்பாணத்தாருக்கும் சென்னைக்காரருக்கும் அது ஆகாயத்திலிருந்து வருகிற ஆணை. என் மகள் வேன் என்று வாசித்துவிட்டாள்.

நௌசாத்

"தூண்டுவிலை ஓடர்" எப்படி? விலை தூண்டுகிறது, ஓடர் கிளம்புகிறது. எந்த விலைக்கு விற்கும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. ஸ்டொப்பில் வாங்கவும் முடியும், இப்போதைய விலைக்கு மேலே வைத்து. அதற்கும் இது பொருந்தும், நட்டத் தடுப்பு பொருந்தாது.

யோகராசா மாஸ்டர்

தூண்டுவிலை வினைத்தொகை. தூண்டிய, தூண்டுகிற, தூண்டும் என முக்காலத்துக்கும் பொருந்தும். இலக்கணத்தில் குறை காணமுடியவில்லை. ஆனால் "ஓடர்" என்று எழுதினால் தமிழாக்கம் எதற்கு? "பணிப்பு" இருக்கிறது, பணித்தல் என்றால் ஏவுதல். தூண்டுவிலைப் பணிப்பு, வரம்புவிலைப் பணிப்பு.

அமீர்

பணிப்பு என்றால் பணிப்பாளர்தான் ஞாபகம் வருகுது. ஓடரே இருக்கட்டும், கடையிலும் ஓடர் என்றுதானே சொல்கிறோம்.

சுதாகரன்

நானும் ஓடர்.

தர்ஷினி

சரி, மூன்று பேர் ஓடர் பக்கம், மாஸ்டர் பணிப்புப் பக்கம். தூண்டுவிலை ஓடர், வரம்புவிலை ஓடர் என்று அனுப்புகிறேன். ஸ்டொப் லிமிட்டுக்கு "தூண்டு-வரம்பு ஓடர்". பக்கத்தின் மேலே நௌசாத்தின் 96, 90, 82 கணக்கைப் போட அனுமதி கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று மிச்சம். அன்றைக்குள் நடக்காவிட்டால் காலாவதியாகிற ஓடருக்கு "நாள் ஓடர்" என்று எழுதியிருக்கிறேன். அந்த நாள் நியூயோர்க் நாள், மெல்பேர்ணில் அது மறுநாள் காலை 6 மணிக்கு, கோடையில் 8 மணிக்கு முடியும். செவ்வாய் இரவு போட்டவர் செவ்வாய் நள்ளிரவோடு முடிந்தது என்று நினைக்கமாட்டாரா?

நௌசாத்

நினைப்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நினைத்து, நள்ளிரவுக்குப் பிறகு இன்னொரு வாங்கும் ஓடர் போட்டு, இரண்டும் நிறைவேறி, இரண்டு மடங்கு பங்கோடு எழும்பினார்.

யோகராசா மாஸ்டர்

அப்படியென்றால் "அமர்வுப் பணிப்பு". சந்தையின் ஓர் அமர்வுக்கு மட்டும் என்ற பொருளில்.

சுதாகரன்

அமர்வு நல்லது. பணிப்பு வேண்டாம், மாஸ்டர்.

யோகராசா மாஸ்டர்

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவாகட்டும்.